முதல் "கடைசியாக" எங்கே வந்தது? நீண்ட பிரசங்கத்தைப் பற்றிப் போதகரிடம் தனியாகச் சொன்ன ஒரு நிகழ்வின் ஆய்வு

சபைகளில் அடிக்கடி நடப்பதை ஒன்றுசேர்த்து அமைத்த மாதிரி நிகழ்வு இது. ஒரு போதகர், ஒரு அங்கத்தினர், ஒரு குறுஞ்செய்தி, ஒரு சிறு உரையாடல். போதகர் ஐம்பதைக் கடந்தவர், இந்தச் சபையில் ஆறு வருடமாக இருப்பவர். அங்கத்தினர் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்பவர். ஞாயிறு பிரசங்கத்தைப் பதிவுசெய்து, முன்னும் பின்னும் வெட்டி, வர இயலாதவர்களுக்கு அனுப்புவதும் அவர் வேலை. பொறுப்பு எதுவும் இல்லை, கமிட்டியிலும் இல்லை. அதனால் அவர் சொல்வது யார் சார்பாகவும் இல்லை. இந்த நிகழ்வில் அது பெரிய வசதியாக அமைந்தது.

எது நீளம்?

முதலில் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பிரசங்கத்துக்கு உலகப் பொதுவான அளவு கிடையாது. அமெரிக்காவில் சபைகள் இணையத்தில் ஏற்றியிருந்த ஏறத்தாழ 50,000 பிரசங்கங்களை ப்யூ ஆய்வு மையம் 2019இல் அலசியபோது, நடு அளவு 37 நிமிடம் என்று வந்தது. கத்தோலிக்க மறையுரைகளின் நடு அளவு 14 நிமிடம். வரலாற்று ரீதியான கறுப்பினப் புராட்டஸ்டண்ட் சபைகளில் 54. மறையுரை 10 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்று போப் பிரான்சிஸ் 2018இல் குருக்களுக்குச் சொன்னார். அந்தப் பத்து நிமிடம், வேறொரு சபையில் முன்னுரைக்கே போதாது. ஆகவே "உங்கள் பிரசங்கம் நீளம்" என்பது எதனோடு ஒப்பிட்டு என்று சொல்லாத வரைக்கும் வெறும் முறையீடுதான்.

ஒப்பிடத்தக்க ஒரே அளவு, அந்தச் சபை தனக்குத்தானே வைத்துக்கொண்ட ஒழுங்கு. இந்தச் சபையில் ஆராதனை 9:30க்குத் தொடங்கும். பிரசங்கம் 10:15 முதல் 10:50 வரை, அதாவது 35 நிமிடம். பிறகு ஜெபம், இறுதிப் பாடல், ஆசீர்வாதம். 11 மணிக்கு முடிய வேண்டும். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை ஆசிரியர்கள் 11 மணி வரைதான் பக்கத்து அறையில் பிடித்துவைக்க ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஒழுங்கை எழுதிக் கொடுத்தவரே போதகர்தான்.

பதிவுகளில் இருந்தது வேறு. தொடர்ந்து நான்கு ஞாயிறுகள்: 52, 49, 55, 58 நிமிடம்.

அளந்தபோது தெரிந்தது

மொத்த நிமிடத்தை மட்டும் குறித்துக்கொள்வது இந்த விஷயத்தில் வழக்கமான தவறு. அந்த எண் கோபத்தைக் கூட்டும். எங்கே என்ன ஆனது என்று காட்டாது. இவர் நான்காம் ஞாயிறின் பதிவை மறுபடி கேட்டு, எந்தப் பகுதி எந்த நிமிடத்தில் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதினார். வேதப்பகுதி லூக்கா 15, கெட்ட குமாரன் உவமை.

முதல் 9 நிமிடம் வாழ்த்து, போன வாரத்தின் நினைவூட்டல், ஒரு சம்பவம். அடுத்த 3 நிமிடம் வேத வாசிப்பு. 12ஆம் நிமிடத்திலிருந்து 24 வரை இளைய மகன் வீட்டைவிட்டுப் போனது. 24 முதல் 34 வரை தகப்பன். 34ஆம் நிமிடத்தில் போதகர் ஒன்று சொன்னார்: பன்றிகளுக்கு நடுவில் இருந்தபோது மகன் ஒரு பேச்சைத் தயார் செய்தான், "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்பது அதன் கடைசி வரி, ஆனால் வீட்டு வாசலில் அந்த வரியை அவன் சொல்லவே இல்லை, தகப்பன் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 19ஆம் வசனத்தையும் 21ஆம் வசனத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெரியும். பதிவில் அந்த இடத்தில் மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. இருமல்கூட இல்லை.

பிரசங்கம் அங்கே முடிந்துவிட்டது. ஆனால் போதகர் முடிக்கவில்லை.

"கடைசியாக மூத்த மகனைப் பார்ப்போம்" என்று 34இல் தொடங்கி 45 வரை. "முடிக்கும் முன்" என்று 45இல் மறுபடி இளைய மகன், இன்னொரு சம்பவத்தோடு 53 வரை. "ஒரே ஒரு வார்த்தை" என்று 58 வரை தொகுப்புரை. 34க்குப் பிறகு 24 நிமிடம். இந்த 24இல் புதிதாக வந்தது மூத்த மகன் மட்டுமே, அதுவும் அவசரமாக.

மற்ற மூன்று பதிவுகளிலும் உருவம் இதுதான். முதல் "கடைசியாக" 33க்கும் 38க்கும் இடையில் விழுந்திருந்தது. அதாவது இந்தப் போதகர் தனக்குக் கொடுத்த நேரத்தில் முடிக்கத் தெரியாதவர் அல்ல. ஏறக்குறைய அந்த நேரத்திலேயே முடிவுக்கு வந்துவிடுகிறார். வந்த பிறகு இறங்க மறுக்கிறார். முன்னுரை மட்டும் நீண்டு, மையக் கருத்து 40ஆம் நிமிடத்தில்தான் வருகிறது என்றால் அது வேறு நோய், அதற்குச் சொல்ல வேண்டியதும் வேறு. நீளத்தின் காரணம் தலையிலா வாலிலா என்று பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது.

இன்னொன்றும் அந்தத் தாளில் தெரிந்தது. அன்று பிரசங்கம் தொடங்கியதே 10:22க்கு. அறிவிப்புகள் 7 நிமிடம் இழுத்திருந்தன. இறுதிப் பாடலை ஒரு சரணமாகச் சுருக்கியும் ஆராதனை 11:25க்குத்தான் முடிந்தது. ஜனங்கள் வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்து மொத்தத்தையும் போதகர் கணக்கில் எழுதிவிடுவார்கள். அதில் 7 நிமிடம் அவருடையது இல்லை.

அவர் ஏன் இறங்கவில்லை?

மேடையில் நிற்பவருக்கு நேரம் வேறு வேகத்தில் ஓடும் என்பது பேசிப் பழகிய யாருக்கும் தெரியும். அது பாதிக் காரணம். மீதி இரண்டும் கவனிக்கத்தக்கவை.

ஒன்று, அவர் குறிப்புகளில் முடிவு இல்லை. மூன்று தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் கீழே வசனங்கள், சம்பவத்துக்கு ஒரு சொல். கடைசித் தலைப்புக்குக் கீழே "அழைப்பு" என்று மட்டும் இருக்கும். எந்த வாக்கியத்தில் நிறுத்துவது என்று எழுதாதவர், மேடையில் நின்றபடியே அந்த வாக்கியத்தைத் தேட வேண்டியிருக்கிறது. "முடிக்கும் முன்", "ஒரே ஒரு வார்த்தை" என்பதெல்லாம் அந்தத் தேடலின் ஓசை.

இரண்டாவது இன்னும் சிக்கலானது. 40ஆம் நிமிடத்தில் எதிரே இருக்கும் முகங்கள் தளர்கின்றன. அது களைப்பு. போதகர் அதைப் "புரியவில்லை போலிருக்கிறது" என்று படிக்கிறார். உடனே இன்னொரு உதாரணம் எடுக்கிறார், சொன்னதையே வேறு விதமாகச் சொல்கிறார். முகங்கள் இன்னும் தளர்கின்றன. அவர் இன்னும் விளக்குகிறார். அவர் அக்கறை கூடக் கூடப் பிரசங்கம் நீள்கிறது. இப்படிப்பட்டவரிடம் போய் "ஜனங்களைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள்" என்று சொன்னால் அது மிகவும் அநியாயமாகப் படும். அவர் அந்த 24 நிமிடமும் ஜனங்களைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தார்.

கிழித்துப்போட்ட முதல் வரைவு

அங்கத்தினர் முதலில் எழுதியது இது:

"ஐயா, ஒரு சிறு கருத்து, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரசங்கம் அருமை, ஆனால் கொஞ்சம் நேரத்தைக் கவனித்தால் நன்றாக இருக்கும். பலரும் இதைச் சொல்கிறார்கள். அந்தத் தகப்பனே மகனை முழுப் பேச்சையும் பேச விடவில்லையே! 😊"

இதில் நான்கு இடங்கள் கெட்டுப்போயிருக்கின்றன. "தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்" என்று தொடங்கியதுமே, தவறாக எடுத்துக்கொள்ள ஏதோ வருகிறது என்று வாசிப்பவர் நிமிர்ந்து உட்காருகிறார். "அருமை, ஆனால்" என்பதில் அருமை செத்துவிடுகிறது. எதிலே அருமை என்று சொல்லாத பாராட்டு வாசல்படிதான்.

"பலரும் சொல்கிறார்கள்" மிக மோசமான பகுதி. உண்மையாகவே இருந்தாலும் மோசம்தான். அதைப் படித்த போதகர் பிரசங்கத்தைப் பற்றி யோசிக்க மாட்டார். யார் யார் என்று யோசிப்பார். அடுத்த ஞாயிறு மேடையில் நிற்கும்போது ஒவ்வொரு வரிசையிலும் சந்தேகப் பட்டியல் ஓடும். எண்ணிக்கையைச் சேர்த்தால் பாரம் கூடும் என்று நினைத்துத்தான் எழுதுகிறோம். கூடுவது பயம்.

நான்காவது அந்த நகைச்சுவை. உண்மையிலேயே நல்ல நகைச்சுவை; உவமையிலிருந்தே பிறந்தது, போதகரின் சொந்த வரியைத் தொட்டது. அதனால்தான் வெட்ட வேண்டியிருந்தது. அவர் அன்று சொன்னதிலேயே சிறந்ததை எடுத்து அவர்மேலேயே எறிகிறது. இலேசாகச் சொல்வது என்றால் சிரிப்பு சேர்ப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். சிரிப்பு யார்மேல் விழுகிறது என்பதே கேள்வி. சொல்பவர்மேல் விழலாம், கடிகாரத்தின்மேல் விழலாம். கேட்பவர்மேல் விழுந்தால் எழுத்தில் அது குத்தல்தான். பக்கத்தில் நின்று புன்னகையைக் காட்ட முடியாது. மஞ்சள் முகம் அந்த வேலையைச் செய்யாது.

போகிற போக்கில் ஒன்று. அப்போஸ்தலர் 20இல் பவுல் நடுராத்திரி வரை பேச, ஐத்திகு தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த கதையைப் போதகரிடம் நகைச்சுவையாகச் சொல்லும் ஆசை எல்லோருக்கும் வரும். அவர் அதை நூறு முறை கேட்டிருப்பார். தவிர, அந்தக் கதை நமக்குச் சாதகமாகவும் இல்லை: விழுந்த பையனை எழுப்பிவிட்டு, பவுல் விடியற்காலம்வரை பேசினார்.

மத்தேயு 18:15ஐ மேற்கோள் காட்டவும் சிலர் துணிவார்கள். சகோதரன் குற்றஞ்செய்தால் தனித்திருக்கையில் அவனுக்கு உணர்த்து என்ற வசனம் அது. தனியாகப் பேசு என்பது சரி. ஆனால் வசனத்தைச் சொன்ன கணத்தில் 23 நிமிடக் கூடுதல் ஒரு பாவமாகிவிடுகிறது. நீண்ட பிரசங்கம் பாவம் அல்ல. தொழில் குறை.

போய்ச் சேர்ந்த செய்தி

செவ்வாய்க்கிழமை மாலை அனுப்பப்பட்டது:

"ஐயா, ஸ்தோத்திரம். மகன் தயார் செய்துவைத்த கடைசி வரியைத் தகப்பன் சொல்லவிடவில்லை என்றீர்களே, இரண்டு நாளாக அது மனதைவிட்டுப் போகவில்லை. பதிவை வெட்டும்போது அந்த இடத்தை மறுபடி கேட்டேன். அங்கேயே ஜெபத்துக்குப் போயிருந்தால் அதை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன் என்று தோன்றியது. மூத்த மகனுக்குத் தனியாக ஒரு ஞாயிறு கொடுக்கலாமே ஐயா, அவனிடமும் நிறைய இருக்கிறது. இது என் ஒருவனுடைய எண்ணம்தான். பதில் எழுத வேண்டும் என்றில்லை."

நேரம், நிமிடம், நீளம் என்ற சொற்கள் ஒன்றும் இல்லை. இருந்தாலும் செய்தி முழுக்க அதைப் பற்றித்தான். பாராட்டு ஒரு வாக்கியத்தைக் குறிப்பிட்டுச் சொல்கிறது. அந்த வாக்கியமே நிறுத்த வேண்டிய இடமாகவும் இருக்கிறது. ஆகவே பாராட்டுக்கும் குறைக்கும் நடுவில் "ஆனால்" தேவைப்படவில்லை. வெட்டச் சொன்ன பகுதியை வீண் என்று சொல்லவில்லை, இன்னொரு ஞாயிறுக்குத் தள்ளி வைக்கச் சொல்கிறது. பிரசங்கம் தயாரிப்பவருக்கு அது இழப்பு அல்ல, அடுத்த வாரத்துக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. தாளில் எடுத்த கணக்கு எதுவும் செய்தியில் இல்லை. அளந்தது அங்கத்தினர் குழம்பாமல் இருக்க. போதகரிடம் நீட்ட அல்ல. ஒலிப்பதிவு செய்பவர் நிமிடக் கணக்கோடு வந்தால் அது உளவு பார்த்ததுபோல் ஆகிவிடும்.

செவ்வாய் ஏன்? ஞாயிறு வாசலில் கைகொடுக்கும்போது அவர் வெறுமையாகிப் போயிருப்பார், பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். திங்கள் பல போதகர்களுக்குச் சோர்வு நாள். அன்று வரும் சிறு குறையும் பெரிதாகத் தெரியும். வெள்ளி, சனி என்றால் அடுத்த பிரசங்கம் பாதி உருவாகியிருக்கும், இப்போது மாற்று என்று சொல்வதாகிவிடும். செவ்வாய், புதன் இரண்டும் நடுவே கிடைக்கும் நல்ல நாட்கள்.

செய்தி வேலை செய்யவில்லை

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: "நன்றி தம்பி. கர்த்தருக்கே மகிமை." அடுத்த ஞாயிறு 54 நிமிடம். அதற்கடுத்தது 51.

இலேசான சொல்லின் விலை இது. கேட்பவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். போதகர் நடிக்கவில்லை, அவருக்கு உண்மையிலேயே அது பாராட்டாகத்தான் போய்ச் சேர்ந்தது. தான் 35, 40 நிமிடம் பேசுவதாக நம்புகிறவருக்கு "அங்கேயே நிறுத்தியிருக்கலாம்" என்பது ரசிகரின் உற்சாகமாகத்தான் தெரியும்.

இங்கே இரண்டு தவறுகள் காத்திருக்கின்றன. அதே செய்தியை இன்னும் அழுத்தமாக எழுதி அனுப்புவது ஒன்று. அப்போது முதல் செய்தியின் பாராட்டும் பொய்யாகிவிடும். சொல்லியாகிவிட்டது, இனி அவர் பாடு என்று விட்டுவிட்டு வாசலில் மற்றவர்களிடம் சொல்வது இன்னொன்று. அதற்குப் பெயர் முறுமுறுப்பு.

இவர் மூன்றாம் வாரம் வரை பேசாமல் இருந்தார். ஒரு வார நாளில் பதிவுகளை ஒரு வட்டில் போட்டுத் தரச் சொல்லிப் போதகர் கேட்டபோது, கொடுத்துவிட்டு நின்றார்.

"ஐயா, ஒன்று நேராகக் கேட்கலாமா?"

"கேளுங்க தம்பி."

"பிரசங்கம் எத்தனை நிமிடம் வருவதாக உங்களுக்குத் தோன்றுகிறது?"

"ஒரு முப்பத்தைந்து... சில நாள் நாற்பது வரும்."

"பதிவில் ஐம்பதைத் தாண்டுகிறது ஐயா."

போதகர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, எதிர்பார்த்த கேள்வி வந்தது: "யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா?"

"மற்றவர்களுக்காக நான் பேச வரவில்லை ஐயா. நான்தான் சொல்கிறேன்."

இந்தப் பதிலை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை என்பது பொய்யாக இருக்கலாம். ஆமாம் என்றால் பெயர் கேட்கப்படும். சொந்தக் கருத்தாக மட்டும் நிற்பதற்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

முதல் செய்தி வீணாகவில்லை என்பது இங்கேதான் தெரிந்தது. போதகர் அடுத்துக் கேட்டது: "அப்போ அன்னைக்கு மூத்த மகனைப் பத்தி எழுதினீங்களே, அது இதுக்குத்தானா?" பாராட்டுக்குள் என்ன இருந்தது என்று மூன்று வாரம் கழித்துப் புரிந்தது. ஏற்கெனவே தன் பிரசங்கத்தில் ஒரு வாக்கியத்தை இரண்டு நாள் சுமந்தவர்தான் இதைச் சொல்கிறார் என்பதால் அந்த எண் கடிக்கவில்லை.

அதற்கு மேல் அங்கத்தினர் ஆலோசனை சொல்லவில்லை. பிரசங்கம் எப்படித் தயாரிப்பது என்பது அவர் துறை அல்ல. கேட்டபோது ஒன்று மட்டும் சொன்னார்: வட்டில் நான்காவது பதிவை 34ஆம் நிமிடத்திலிருந்து கேட்டுப் பாருங்கள்.

போதகர் மாற்றியது

அதைக் கேட்டபின் அவர் செய்தவை மூன்று. முதலாவது, கடைசி இரண்டு வாக்கியங்களை முதலில் எழுதினார். முழுப் பிரசங்கத்தையும் எழுதவில்லை. அது அவர் பாணி அல்ல. இறங்கும் படியை மட்டும் எழுதி மனப்பாடம் செய்துகொண்டார். மூன்றில் இதுதான் பெரிய பலன் தந்தது.

இரண்டாவது, தன் வேகத்தைக் கணக்கிட்டார். பதிவில் மூன்று வெவ்வேறு இடங்களில் ஒவ்வொரு நிமிடம் எடுத்துச் சொற்களை எண்ணியதில் சராசரி நிமிடத்துக்கு 90 சொல் வந்தது. 35 நிமிடத்துக்கு 3,150 சொல். மேடையில் சம்பவங்கள் எப்போதும் எழுதியதைவிட நீளும் என்பதால் 2,700 சொல்லுக்கு மட்டும் பொருள் வைத்துக்கொண்டார். அப்படிப் பார்த்தால் மூன்று தலைப்புக்கு இடமில்லை, இரண்டுதான். இந்தக் கணக்கை ஒருவர் தன் சொந்தக் குரலில்தான் போட வேண்டும். இன்னொருவர் வேகத்தையோ, ஆங்கிலப் பேச்சுக்குச் சொல்லப்படும் எண்ணையோ எடுத்துக்கொண்டால் தவறாகப் போகும். தமிழில் ஒரு சொல் பல ஆங்கிலச் சொற்களைச் சுமக்கும்.

மூன்றாவது, "கடைசியாக" என்ற சொல்லைப் பிரசங்கத்தில் ஒரே முறைதான் சொல்வது என்று வைத்துக்கொண்டார். அதைச் சொல்லிவிட்டால் 4 நிமிடத்துக்குள் ஜெபம்.

பின் சுவரில் பெரிய கடிகாரம் மாட்டலாம் என்ற யோசனையும் வந்தது. அவர் வேண்டாம் என்றார். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் பிரசங்க மேடைகளில் மணற்கடிகாரம் வைத்திருந்தார்கள். மணல் தீர்ந்ததும் அதைத் திருப்பி வைத்துவிட்டுத் தொடர்ந்தவர்களும் உண்டு. கடிகாரம் நேரம் தாண்டியதைக் காட்டும். எந்த வாக்கியத்தில் நிறுத்துவது என்று காட்டாது. அங்கத்தினர் ஒலிபெருக்கிப் பக்கமிருந்து கை காட்டலாம் என்பதும் கைவிடப்பட்டது. ஒரு கை உயர்ந்தால் பத்துத் தலை திரும்பும். தனியாகச் சொன்னது அன்றோடு பொதுவாகிவிடும்.

குறைத்தால் ஆழம் போய்விடாதா என்று அவருக்கும் இருந்தது. மலைப்பிரசங்கம் மத்தேயுவில் 5 முதல் 7 வரை 111 வசனங்கள். நிதானமாகச் சத்தமிட்டு வாசித்தால் கால் மணி நேரம், அல்லது கொஞ்சம் கூடுதல். நிமிடத்துக்கும் ஆழத்துக்கும் நேர் விகிதம் இல்லை என்பதற்கு அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. எனினும் வசனம் வசனமாக விளக்கும் தொடர்களில் இந்த வாதம் முழுதும் செல்லாது. அங்கே குறைக்க வேண்டியது பகுதியின் அளவை.

அடுத்த ஆறு ஞாயிறுகள்: 46, 41, 38, 36, 47, 37. முதல் வாரமே 35க்கு வந்திருந்தால் கவலைப்பட வேண்டியிருந்திருக்கும். மனம் புண்பட்ட போதகர் அடுத்த ஞாயிறே 20 நிமிடத்தில் விறைப்பாக முடித்துவிடுவார், அல்லது விமரிசிப்பவர்களைப் பற்றி மேடையிலிருந்தே பதில் சொல்லுவார். இரண்டில் எது நடந்தாலும் சொன்னது தவறான இடத்தில் பட்டிருக்கிறது. அப்போது நேரில் போய், சொன்ன விதத்துக்கு மட்டும் வருத்தம் தெரிவிக்கலாம். சொன்ன விஷயத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. படிப்படியாக இறங்கியது, அவர் உண்மையில் தயாரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார் என்று காட்டியது.

47 வந்த ஞாயிறு, வாரம் முழுக்க அவர் ஒரு துக்க வீட்டில் இருந்தார். முடிவு எழுத நேரம் இல்லை. பதிவில் "கடைசியாக" மூன்று முறை வந்தது. அங்கத்தினர் அன்று எதுவும் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு வழக்கம் ஆகாது. தொடர்ந்து மூன்று ஞாயிறு தாண்டினால் மட்டும் பேசுவது என்று தனக்குள் வைத்திருந்தார். அதற்குத் தேவை வரவில்லை. பண்டிகை ஆராதனைகளையும் வெளியிலிருந்து வரும் பிரசங்கிமாரையும் இந்தக் கணக்கில் சேர்க்கவும் இல்லை.

37 நிமிடம் வந்த ஆறாவது ஞாயிறு, மூத்த மகனுடைய ஞாயிறு. அன்றும் பிரசங்கம் 10:22க்குத்தான் தொடங்கியது. அறிவிப்புகளின் அந்த 7 நிமிடம் சபைச் செயலாளருடையது. அதைப் போதகரிடம் சொல்லிப் பயனில்லை, அவரிடம்தான் பேச வேண்டும். அதற்கும் ஒரு செவ்வாய்க்கிழமை.